பேச்சு நின்று ஒரு வாரம் ஆகிவிட்டது, திரும்ப எப்படி ஆரம்பிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண் பார்த்துவிட்டு வந்து, இரண்டு வீட்டிலும் "பசங்க பேசிப் பார்க்கட்டும்" என்று நம்பர் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று வாரம் வாட்ஸப்பில் நன்றாகப் போகிறது. அப்புறம் ஒரு நாள் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறது. சண்டை இல்லை, மனக்கசப்பு இல்லை, ஆனாலும் பேச்சு இல்லை. கடலூரில் எங்கள் வீட்டிலும் புதுச்சேரியில் இருக்கும் சொந்தக்காரர்கள் வீட்டிலும் கல்யாண வயதில் இருக்கும் பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் இதைத்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். நடுவில் வரும் கதை என் தம்பியுடையது. அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

"அக்கா, எட்டு நாளா ஒண்ணுமே இல்லை. என்னைப் பிடிக்கலைன்னுதானே அர்த்தம்?"

முதலில் அந்த உரையாடலைத் திறந்து கடைசி மெசேஜ் யாருடையது, அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். என் தம்பி இதே வார்த்தைகளோடுதான் வந்தான். முகம் வாடிப்போயிருந்தது. போனை வாங்கிப் பார்த்தேன். அந்தப் பெண் லாஸ்பேட்டையில் ஒரு பள்ளியில் ஆசிரியை. காலாண்டுத் தேர்வு முடிந்த சமயம். "மூணு கட்டு பேப்பர் திருத்தணும், தலை சுத்துது" என்று போட்டிருந்தார். அதற்கு இவன் "சரிங்க, பாருங்க" என்று பதில் போட்டிருக்கிறான். அதுதான் கடைசி.

அவனைப் பொறுத்தவரை அது மரியாதை, தொந்தரவு செய்யாமல் ஒதுங்கிக்கொண்டான். படிப்பவருக்கோ அதில் பதில் சொல்ல எதுவுமே இல்லை. "சரிங்க, பாருங்க" என்றால் திரும்பி என்ன எழுதுவது? அவர் பேப்பரைத் திருத்தப் போனார். இவன் எட்டு நாள் அவருக்காகக் காத்திருந்தான். அவரும் ஒருவேளை இவனுக்காகக் காத்திருந்திருக்கலாம். "சரி", "ஓகே", ஒரு கட்டைவிரல் படம் இவற்றில் நின்றுபோன பேச்சை யாரும் விரும்பி நிறுத்தியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் கேட்ட நேரடியான கேள்விக்குப் பதில் வராமல் நின்றிருந்தால் அது வேறு. அப்போதும் பிடிக்கவில்லை என்ற முடிவுக்குப் போக எட்டு நாள் போதாது. ஆனால் அந்தக் கேள்வி அவருக்குப் பாரமாக இருந்ததா என்று யோசியுங்கள். சம்பளம், முன்பு வந்த வரன்கள், கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போவது போன்ற கேள்விகளை மெசேஜில் கேட்டால் பலர் எப்படி எழுதுவது என்று தெரியாமலேயே விட்டுவிடுகிறார்கள்.

"பிடிச்சிருந்தா ஒரு வார்த்தை போட எவ்வளவு நேரம் ஆகும்?"

முதல் நாள் என்றால் அரை நிமிடம். நான்காம் நாள் அந்த அரை நிமிடம் போதாது.

பதில் போடாமல் விட்ட மெசேஜ் மனசுக்குள் ஒரு பாக்கி மாதிரி உட்கார்ந்துகொள்கிறது, அதற்கு வட்டியும் ஏறுகிறது. இரண்டாம் நாள், "நேத்து வேலை" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஐந்தாம் நாள், இத்தனை நாள் ஏன் போடவில்லை என்று விளக்கம் சொல்ல வேண்டும் போலத் தோன்றும். எட்டாம் நாள், விளக்கம் கொஞ்சம் நீளமாக, கொஞ்சம் நன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அலட்சியமாகத் தெரியும் என்று பயம் வரும். அதற்கு நிதானமாக உட்கார நேரம் வேண்டும். அந்த நேரம் வராது. இப்படித்தான் பிடித்தவரிடமே பேசாமல் பத்து நாள் போய்விடுகிறது.

அதனால் நீங்கள் இப்போது அனுப்பப்போகும் மெசேஜுக்கு ஒரே வேலைதான். அந்தப் பாக்கியைத் தள்ளுபடி செய்ய வேண்டும். படித்ததும் "அப்பாடா, இவங்க கணக்கு வச்சுக்கல" என்று எதிர்ப்பக்கம் மூச்சு விட வேண்டும். ஒரு வார்த்தையைப் போடலாமா வேண்டாமா என்று தடுமாறும்போது, அது பாக்கியைக் குறைக்கிறதா கூட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

"நானே முதல்ல போட்டா இறங்கிப் போன மாதிரி ஆகாதா? அவங்களுக்குத் தொல்லையா இருந்தா?"

அனுப்புகிற நமக்குத்தான் இந்தப் பயம் பெரிதாகத் தெரிகிறது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெக்கி லியுவும் அவருடன் சேர்ந்தவர்களும் 2022-இல் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். 5,900 பேருக்கு மேல் கலந்துகொண்ட பரிசோதனைகள். கொஞ்ச நாளாகத் தொடர்பில் இல்லாதவருக்குச் சும்மா ஒரு வரி அனுப்பினால் அவர் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று அனுப்புகிறவர்கள் குறைத்தே மதிப்பிட்டார்கள். எதிர்பாராமல் வந்தது என்ற அந்த வியப்பே பெறுகிறவருக்குப் பிடித்திருந்தது. அவர்கள் பார்த்தது பொதுவான நட்பும் பழக்கமும்தான், நம் ஊர்க் கல்யாணப் பேச்சை இல்லை. அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் பார்த்த வீடுகளிலும் முதலில் அனுப்பியவரை யாரும் இளக்காரமாக நினைத்ததில்லை.

"எத்தனை நாள் விட்டு அனுப்பலாம்?"

நான்கு நாளிலிருந்து பத்து நாளுக்குள். அதற்கு முன்னால் என்றால் அது சாதாரண இடைவெளி, தனியாக யோசிக்கவே வேண்டாம். பத்து நாளைத் தாண்டினாலும் அனுப்பலாம்தான், ஆனால் அதற்குள் பெரியவர்கள் போன் போட்டு விசாரிக்க ஆரம்பித்திருப்பார்கள். அப்போது உங்கள் வரி எவ்வளவு லேசாக இருந்தாலும் வீட்டின் அவசரத்தைச் சுமந்துகொண்டுதான் போகும்.

"சும்மா ஹாய்னு போட்டா போதாதா? என்ன எழுதறதுன்னே தெரியலை."

ஹாய் என்பது வேலையை எதிராளியின் தலையில் வைத்துவிடுகிறது. எதைப் பேசுவது என்பதையும் அவரே கண்டுபிடிக்க வேண்டும், இத்தனை நாள் பேசாததற்கும் அவரே ஏதாவது சொல்ல வேண்டும். கூச்சத்தில் இருப்பவர் அதையும் அப்படியே விட்டுவிடுவார். அப்போது பாக்கி இரண்டாகிவிடும்.

என் தம்பி முதலில் எழுதி வைத்திருந்தது இது:

"ஹாய், எப்படி இருக்கீங்க? ரொம்ப நாளா ஆளையே காணோம். பிஸியா? நான் ஏதாச்சும் தப்பா பேசிட்டேனா? ஃப்ரீயா இருந்தா ரிப்ளை பண்ணுங்க."

அவன் மனசில் அக்கறையைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் இடத்தில் உட்கார்ந்து படித்தால் அதில் மூன்று கேள்வி, ஒரு குறை, ஒரு கோரிக்கை இருக்கின்றன. "ஆளையே காணோம்" என்பது கணக்கு வைத்திருக்கிறேன் என்று சொல்கிறது. "பிஸியா?" என்றால் ஆமாம் என்று நிரூபிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட "தப்பா பேசிட்டேனா?" என்பதுதான் பாரம். இப்போது அவர் தன் தாமதத்துக்கும் காரணம் சொல்ல வேண்டும், இவனையும் சமாதானப்படுத்த வேண்டும்.

அதை அழிக்கச் சொல்லிவிட்டு உரையாடலை மேலே தள்ளிக்கொண்டே போனேன். இரண்டு வாரம் முன்னால் அவர் தன் அத்தை வீட்டைப் பற்றிச் சொல்லியிருந்தார். பண்ருட்டி பக்கம் காடாம்புலியூர். சின்ன வயதில் லீவுக்குப் போனால், முந்திரிக்கொட்டை வறுக்கும் புகையில் கண் எரிந்துகொண்டே இருக்கும், ஆனாலும் அந்த வாசனை இப்போதும் பிடிக்கும் என்று நாலு வரி எழுதியிருந்தார். கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் சூட்டில் கசிந்து புகையும், அதுதான் கண்ணை எரிக்கும். அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்.

"நீ அந்த வழியா எப்பவாச்சும் போனியா?" என்று கேட்டேன். முந்தாநாள்தான் நெய்வேலிக்கு வேலையாகப் போய்விட்டு பண்ருட்டி வழியாகத் திரும்பியிருக்கிறான். புகை வந்திருக்கிறது. அவருடைய ஞாபகமும் வந்திருக்கிறது. அதை அவரிடம் சொல்லலாம் என்றுதான் தோன்றவில்லை. கடைசியில் போனது இது:

"முந்தாநாள் நெய்வேலி போயிட்டு பண்ருட்டி வழியா வந்தேன். காடாம்புலியூர்ல முந்திரிக்கொட்டை வறுக்கற புகை. நீங்க சொன்ன மாதிரியே கண்ணு எரிஞ்சுது, வாசனையும் நல்லாத்தான் இருந்துச்சு. மூணு கட்டும் முடிஞ்சு நிம்மதியா இருப்பீங்கன்னு நினைக்கிறேன்."

முதலில் வருவது அவரே சொன்ன ஒரு விஷயம், அதனால் கவனித்துக் கேட்டிருக்கிறான் என்று தெரிகிறது. அது இவன் கண்ணால் பார்த்தது, அதனால் செய்தியாகவும் இருக்கிறது. கடைசி வரியைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பேசாமல் இருந்ததற்கான காரணத்தை இவனே எடுத்துக் கொடுத்துவிட்டான். அவர் விளக்கம் தேட வேண்டியதில்லை, "ஆமாங்க, நேத்துதான் முடிஞ்சுது" என்றால் எட்டு நாளும் தீர்ந்தது.

ஒன்று மட்டும் கவனம். அந்த வழியாகப் போகாமல் போனதாக எழுதாதீர்கள். நாளைக்குச் சேர்ந்து வாழப்போகிறவரிடம் முதல் மாதமே ஒரு சின்னப் பொய்யைக் காப்பாற்ற வேண்டி வரும். போகவில்லையென்றால், "முந்திரி வாங்கினேன், உங்க அத்தை வீடு ஞாபகம் வந்துச்சு" என்பதே போதும், வாங்கியிருந்தால்.

"அதுல கேள்வியே இல்லையே. அவங்க எதுக்குப் பதில் போடுவாங்க?"

போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால்தான் போடத் தோன்றும். அந்த நாலு வரியில் அவர் பிடித்துக்கொள்ள இரண்டு மூன்று இடம் இருக்கிறது: ஊர், புகை, பேப்பர் கட்டு. எதைப் பிடித்தாலும் பேச்சு நகரும்.

கேள்வி கேட்டே தீர வேண்டும் என்று இருந்தால் ஒன்றே ஒன்று, ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடியது. "சண்டே மார்க்கெட்ல பழைய புக்கெல்லாம் எந்தப் பக்கம் போடுவாங்கன்னு சொன்னீங்க?" மாதிரி. அதுவும் உண்மையிலேயே ஞாயிற்றுக்கிழமை எம்.ஜி. ரோட்டுக்குப் போகப்போகிறீர்கள் என்றால்.

"பதில் போடலைன்னாலும் பரவாயில்லைன்னு எழுதிட்டா லேசா இருக்குமா?"

ஒரு முறை, சின்னதாக எழுதினால் உதவும். லாரா ஜியுர்ஜ், வனெஸ்ஸா போன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2021-இல் அலுவலக மின்னஞ்சல்களை வைத்து ஒன்றைக் காட்டினார்கள். அவசரமில்லாத கடிதம் என்றாலும், பெறுகிறவர் அதற்குச் சீக்கிரம் பதில் எதிர்பார்க்கப்படுவதாகத் தானாகவே நினைத்துக்கொள்கிறார். அனுப்பியவர் மனசில் அவ்வளவு அவசரம் இருப்பதில்லை. "உடனே பதில் வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்தால் அந்தச் சுமை குறைகிறது. ஆராய்ந்தது அலுவலகத்தை என்றாலும், நமக்கும் அந்த உணர்வு பழக்கமானதுதான்.

நம் பேச்சில் அதற்கு "அவசரமில்லைங்க, முடியறப்போ சொல்லுங்க" என்பதே அழகு. கேள்வி கேட்டிருந்தால் மட்டும் போடுங்கள், கேள்வியே இல்லாத மெசேஜுக்கு அது தேவையில்லை. "பதில் போடலைன்னாலும் பரவாயில்லை, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்று நீட்டினால் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்று கேட்கும்.

"ஸ்டேட்டஸ் வச்சிருக்காங்க. அதுக்கு ஏதாச்சும் போட்டு ஆரம்பிக்கலாமா?"

தாராளமாக. இருப்பதிலேயே லேசான வழி அதுதான், ஏனென்றால் பேச்சை அவரே எடுத்துப் போட்டிருக்கிறார். 24 மணி நேரத்தில் போய்விடும் என்பதால் யோசித்துக்கொண்டே இருக்க முடியாது. வெறும் இதயமோ கைதட்டலோ போட்டால் அதோடு முடிந்துவிடும். வீராம்பட்டினம் தேர்ப் படம் வைத்திருந்தால், "தேர் திரும்பற இடத்துல நின்னு எடுத்தீங்களா?" என்று படத்தைப் பார்த்தவர் மட்டும் கேட்கக்கூடியதைக் கேளுங்கள். காலை வணக்கம் படங்கள், பொன்மொழி ஃபார்வர்டுகள் இவற்றை அனுப்பி ஆரம்பிக்க வேண்டாம். யாருக்கும் அனுப்பக்கூடியது அவருக்கென்று எதையும் சொல்லாது.

"எந்த நேரத்துக்கு அனுப்பறது?"

அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து ஒரு காபி குடித்திருப்பார் என்ற நேரம். ராத்திரி பத்து மணிக்கு மேல் வேண்டாம், கூட்டுக் குடும்பத்தில் அந்த நேரத்தில் போன் ஒலித்தால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

"இத்தனை நாள் கழிச்சு நீங்கன்னா, நீயான்னா?"

நின்ற இடத்தில் எதுவாக இருந்ததோ அதுவே. நீங்க என்று பேசிக்கொண்டிருந்துவிட்டு இப்போது நெருக்கம் காட்ட நீ என்று மாற்றினால் திடுக்கென்று இருக்கும். நீ என்று வந்துவிட்ட பிறகு திடீரென்று நீங்க போட்டால் கோபம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

"ப்ளூ டிக் வந்து ரெண்டு நாளாச்சு. இன்னும் பதில் இல்லை. இன்னொண்ணு அனுப்பட்டுமா?"

வேண்டாம். நீல டிக் வந்தால் அந்த உரையாடல் அவர் போனில் திறக்கப்பட்டது என்று அர்த்தம், உட்கார்ந்து யோசித்தார் என்று அர்த்தமில்லை. இரண்டு சாம்பல் டிக் என்றால் போய்ச் சேர்ந்துவிட்டது. சிலர் படித்ததைக் காட்டும் வசதியையே அணைத்து வைத்திருப்பார்கள், அவர்கள் படித்தாலும் நீலமாகாது. ஒற்றை டிக் என்றால் இன்னும் போய்ச் சேரவே இல்லை. போன் அணைந்திருக்கலாம், நெட் இல்லாமல் இருக்கலாம். பல நாள் ஒற்றை டிக்காகவே இருந்து, புகைப்படமும் மறைந்திருந்தால் தடுத்து வைத்திருக்கவும் கூடும். ஆனால் டிக்கை மட்டும் வைத்து அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

நம் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, வெள்ளம் வந்து, கரண்ட் போனபோது எத்தனையோ போன்கள் சார்ஜ் இல்லாமல் கிடந்தன. அப்படிப்பட்ட நாளில் ஒற்றை டிக்கைப் பார்த்து மனசை வருத்திக்கொள்ளாதீர்கள். அப்போது அனுப்ப வேண்டியதும் முந்திரி வாசனை இல்லை. "வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களா? ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க" என்று நேராகக் கேட்க வேண்டும். அவர் வீட்டில் ஒரு சாவு, ஆஸ்பத்திரி என்று தெரிந்தாலும் இதேதான். அந்த நேரத்தில் லேசான பேச்சு புண்படுத்தும்.

மற்றபடி ஒரு மெசேஜ் அனுப்பினால் இரண்டு வாரம் விடுங்கள். அதற்குள் வரவில்லை என்றால் இன்னொரு லேசான வரி அனுப்புவதில் பலனில்லை. வேறு விதமாகக் கேட்க வேண்டும், அடுத்த கேள்வியில் சொல்கிறேன். "எனக்குக் கொஞ்சம் டைம் வேணும்" என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தால் இதில் எதுவுமே செய்ய வேண்டாம். வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் அப்படியே.

"அம்மா தினமும் முடிவு என்னன்னு கேக்கறாங்க. அதையும் சேர்த்தே கேட்டுடட்டுமா?"

தயவு செய்து சேர்க்காதீர்கள். நான் பார்த்ததில் அதிகம் கெட்டுப்போனது இங்கேதான். முந்திரி வாசனை பற்றி மூன்று வரி எழுதிவிட்டு நாலாவதாக "உங்க வீட்ல என்ன சொல்றாங்க?" என்று கேட்டால், முன்னால் எழுதிய மூன்றும் அதற்கான முன்னுரை ஆகிவிடும். அடுத்த முறை நீங்கள் சாதாரணமாக எதையாவது அனுப்பினாலும், கடைசியில் என்ன கேட்கப்போகிறாரோ என்று பயந்துகொண்டே திறப்பார்.

முடிவு தெரிந்துகொள்வது உங்கள் உரிமை, அதில் தவறே இல்லை. ஆனால் அதைத் தனியாகக் கேளுங்கள். இரண்டு வாரம் காத்திருந்த பிறகு ஒரே ஒரு தடவை, தெளிவாக: "உங்ககிட்ட பேசறது எனக்குப் பிடிச்சிருக்குங்க. உங்களுக்கு வேற எண்ணம் இருந்தா தயங்காம சொல்லிடுங்க, வீட்ல நான் பார்த்துக்கறேன்." இதில் "வீட்ல நான் பார்த்துக்கறேன்" என்பதை விட்டுவிடாதீர்கள். பெண் பிள்ளைகள் பலர் இல்லை என்று சொல்லத் தயங்குவது உங்களுக்காக இல்லை, இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்குள் மனஸ்தாபம் வந்துவிடுமே என்றுதான். நேரில் கேட்க முடியாவிட்டால் நடுவில் பேசிய மாமாவோ தரகரோ கேட்கட்டும். அம்மாவிடம் "பத்தாம் தேதிக்குள்ள சொல்றேன்மா" என்று ஒரு நாளைச் சொல்லிவிட்டால் தினசரிக் கேள்வியும் நிற்கும்.

"தப்பு என் மேலதான். அவங்க கேட்டதுக்கு நான்தான் பத்து நாளா பதில் போடலை."

அப்படியென்றால் அந்தப் பழைய மெசேஜையே வலப்பக்கம் இழுத்து, அதன் கீழேயே பதில் எழுதுங்கள். மன்னிப்பு அரை வரி போதும்: "லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கங்க." அடுத்து அவர் கேட்டதற்கு நேரான பதில். ஆபீஸில் என்ன நடந்தது, யாருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பக்கம் எழுதினால் அவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும், கேட்ட கேள்வி காணாமல் போய்விடும்.

"பதில் வந்துடுச்சு, ஆனா ரெண்டே வார்த்தை. இப்ப என்ன பண்ண?"

அதே அளவில் பதில் போடுங்கள். எட்டு நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். என் தம்பிக்கு மறுநாள் சாயங்காலம் பதில் வந்தது. "காடாம்புலியூர்ல எங்க?" அவ்வளவுதான். அவன் உடனே பத்து வரி அடிக்க ஆரம்பித்தான், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "பஸ் ஸ்டாப் தாண்டி, ரோட்டோரமா ஒரு கொட்டகை" என்று மட்டும் அனுப்பினான்.

அரை மணி நேரம் கழித்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது, இரண்டரை நிமிடம். அத்தை வீடு அந்தக் கொட்டகைக்கு நாலு வீடு தள்ளித்தானாம். இடையில், பேப்பர் திருத்தி முடித்த நாளிலிருந்து என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன் என்பதையும் அவரே சொல்லியிருந்தார்.